ரிங்டோன் கேட்கிறது, வீடியோ கேட்கவில்லை: எங்கே தேடுவது?

போன் அடித்தால் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறது. யூடியூப்பைத் திறந்தால் வாய் மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. அல்லது சத்தம் வருகிறது, ஆனால் போனைக் காதோடு ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது. தங்கச்சிமடத்தில் நான் போன் பழுது பார்க்கும் மேசைக்கு இந்தக் குறையோடு வருபவர்கள் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்: "ஸ்பீக்கர் போயிருச்சு தம்பி, மாத்திக் குடுங்க."

ஸ்பீக்கர் போகவில்லை. போயிருந்தால் ரிங்டோனும் கேட்காது. ரிங்டோனும் வீடியோவும் வெளியே வருவது ஒரே ஸ்பீக்கர் வழியாகத்தான். ரிங்டோன் தெளிவாக, கரகரப்பில்லாமல், முழுச் சத்தத்தில் வந்தால் அந்த ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். மாற்றச் சொல்லிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவின் சத்தம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். ஆண்ட்ராய்டு போனில் சத்தத்துக்கு ஒரே அளவு கிடையாது. அழைப்பு மணிக்கு ஒன்று, பாட்டு வீடியோவுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, பேசும்போது கேட்கும் குரலுக்கு ஒன்று என்று தனித்தனி வாய்க்கால்கள். ஒன்றை அடைத்தால் மற்றது அடைபடாது. இது பலருக்கும் தெரியும். இரண்டாவது விஷயம்தான் தெரிவதில்லை: வீடியோவின் வாய்க்காலுக்குள்ளேயே போன் பல அளவுகளை ஞாபகம் வைத்திருக்கிறது. சொந்த ஸ்பீக்கருக்கு ஓர் அளவு, ஒயர் ஹெட்போனுக்கு ஓர் அளவு, புளூடூத் கருவிக்கு ஓர் அளவு. புளூடூத் இணைந்திருக்கும்போது நீங்கள் ஏற்றுவதும் இறக்குவதும் அந்தக் கருவியின் அளவைத்தான். போன் ஸ்பீக்கரின் அளவு அப்படியே கிடக்கும்.

ரிங்டோனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஹெட்போனோ புளூடூத்தோ இணைந்திருந்தாலும் அழைப்பு மணி அதிலும் போகும், போனின் ஸ்பீக்கரிலும் போகும். அழைப்பு தவறிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பாட்டும் வீடியோவும் அப்படியில்லை, இணைந்திருக்கும் கருவிக்கு மட்டும் போய்விடும். ரிங்டோன் கேட்டு வீடியோ கேட்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான்.

இனி உங்கள் போனில் தெரியும் அறிகுறியைப் பார்த்து அதற்கான பகுதிக்குப் போங்கள். எதைச் செய்தாலும் ஒரு வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே செய்யுங்கள். அந்த வீடியோவிலேயே கோடு போட்ட ஸ்பீக்கர் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் வீடியோக்கள் சத்தம் அடைத்தபடியே தொடங்குவதும் உண்டு.

வீடியோ ஓடும்போது பட்டனை அழுத்தினால் கோடு அடியில் கிடக்கிறது

இது எளிது. வீடியோ ஓடும்போதே பக்கத்தில் இருக்கும் சத்தம் ஏற்றும் பட்டனை அழுத்துங்கள். திரையில் வரும் கோட்டுக்குப் பக்கத்தில் இசைக் குறியீடு இருக்கும். அதை மேலே ஏற்றினால் முடிந்தது. எல்லா வாய்க்கால்களையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள், அல்லது Settings உள்ளே Sound பகுதிக்குப் போங்கள். Media என்று எழுதியிருப்பதுதான் வீடியோவுக்கானது.

எப்படிக் குறைந்தது? 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-க்கு முன்பு, எதுவும் ஓடாத நேரத்தில் பட்டனை அழுத்தினால் ரிங்டோன்தான் ஏறி இறங்கும். ஆண்ட்ராய்டு 9 முதல் அதே பட்டன் Media வாய்க்காலைப் பிடித்துக்கொண்டது. மடியில் செருகிய போனோ சட்டைப்பையில் கிடக்கும் போனோ தற்செயலாக அமுங்கினால், இப்போது குறைவது வீடியோவின் சத்தம்தான். ரிங்டோன் தப்பித்துவிடும்.

ஏற்றி வைத்தாலும் தானாக இறங்கிவிடுகிறது

நம் கரையில் இது அடிக்கடி வரும். உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் உப்பு படிந்து, சத்தம் குறைக்கும் பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. யாரும் தொடாமலேயே திரையில் சத்தக் கோடு எட்டிப் பார்த்தால் இதுதான். இன்னோர் உறுதியான அடையாளமும் உண்டு. போனை அணைத்துப் போடும்போது திரையின் கீழ் ஓரத்தில் Safe mode என்று எழுத்து வந்தால், போன் எழும்பும் நேரத்தில் அந்தப் பட்டன் அமுங்கியே இருக்கிறது என்று பொருள். பல போன்களில் சத்தம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு போனைப் போட்டால் அந்த எழுத்து வரும்.

முதலில் பின்கவரைக் கழற்றிப் பாருங்கள். இறுக்கமான ரப்பர் கவரே பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதும் உண்டு. கவர் இல்லாமலும் தொடர்ந்தால் போனை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் பட்டனின் இடுக்கைச் சுற்றித் தேய்த்து, பட்டனைப் பத்து இருபது முறை அமுக்கி விடுங்கள். அப்படியும் விடுபடாவிட்டால் போனைத் திறந்து பட்டன் ஸ்ட்ரிப்பைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரைத் தொட வேண்டிய தேவை அப்போதும் இல்லை.

கோடு முழுதாக ஏறி நிற்கிறது, சத்தம் சுத்தமாக இல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாம்பனில் கருவாட்டு வியாபாரம் பார்க்கும் ஓர் அக்காவின் போனில்தான் இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். சிக்னல் விட்டுப்போகும் முன்னால் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று அனுப்பிவிடுவார். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அதைப் போட்டால் அக்காவுக்குச் சத்தமே வரவில்லை. வீடியோவும் அப்படித்தான். ஆனால் அழைப்பு வந்தால் மணி ஓங்கி அடிக்கிறது. வேறொரு கடையில் ஸ்பீக்கர் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கொண்டு வந்தார். என் மேசையில் வைத்துப் போட்டதும் எல்லாம் நன்றாகக் கேட்டது.

"இங்க வந்தா பேசுது தம்பி, வீட்டுக்குப் போனா ஊமையாயிருது" என்றார். மறுநாளும் அதே கதை. பகலில் கருவாடு காயப்போடும் களத்தில் கேட்கிறது, சாயங்காலம் வீட்டில் கேட்கவில்லை. இடத்தைப் பொறுத்து ஒரு குறை வருகிறதென்றால் அது போனுக்குள் இருக்கும் குறையில்லை, அந்த இடத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. நான் அக்காவிடம் சொன்னேன்: "அடுத்த தடவை சத்தம் வராதப்ப எதையும் மாத்தாதீங்க அக்கா. திரையை மேலிருந்து கீழே இழுத்து, புளூடூத் படத்துக்குக் கீழே என்ன பேர் எழுதியிருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அன்று இரவே அழைத்தார். புளூடூத் நீலமாக எரிந்தது, கீழே ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொன்னது. காதில் மாட்டும் இயர்பட்ஸின் பெயர் அது. ராமநாதபுரத்தில் படிக்கும் அவர் மகள் விடுமுறைக்கு வந்தபோது அம்மா போனில் படம் பார்ப்பதற்காக அதை இணைத்திருக்கிறாள். போகும்போது டப்பாவை டிவி மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டப்பாவுக்குள் போட்டு மூடினால் அணைந்துவிட வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். டப்பாவில் உள்ள சின்ன ஊசிமுனைகளும் பட்ஸில் உள்ள தங்க நிறப் புள்ளிகளும் தொட்டு மின்சாரம் வந்தால்தான், தான் டப்பாவுக்குள் இருப்பது பட்ஸுக்குத் தெரியும். வியர்வையும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அந்தப் புள்ளிகளில் களிம்பு பிடித்திருந்தது. ஒன்றில் மின்சாரம் விட்டு விட்டு ஏறியது. ஏறாத நேரத்தில் அது தன்னை யாரோ வெளியே எடுத்துவிட்டதாக நினைத்து விழித்துக்கொள்ளும். அக்கா வீட்டுக்குள் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போனோடு இணைந்துவிடும். அதற்குப் பிறகு குரல் செய்தியெல்லாம் மூடிய டப்பாவுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கும். இந்தச் சிறிய கருவிகளின் எட்டும் தூரம் வழக்கமாகப் பத்து மீட்டர் அளவுதான், சுவர் குறுக்கே வந்தால் இன்னும் குறையும். களத்துக்குப் போனால் இணைப்பு அறுந்து சத்தம் போனுக்குத் திரும்புகிறது.

உங்கள் போனிலும் இதுவா என்று பார்ப்பதற்கு வழி இதுதான். வீடியோ ஓடும்போதே மேலிருந்து இழுத்து புளூடூத்தை அணையுங்கள். சத்தம் உடனே போனில் பாய்ந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சில வீடியோ ஆப்கள் இணைப்பு அறுந்ததும் வீடியோவை நிறுத்திவிடும், அப்போது மறுபடி ஓடவிட்டுக் கேளுங்கள். விமானக் குறியீட்டைத் தொட்டுப் பார்ப்பது போதாது. ஆண்ட்ராய்டு 11 முதல், புளூடூத் ஹெட்போன் இணைந்திருக்கும்போது விமான நிலைக்குப் போனாலும் புளூடூத் அணையாமல் இருக்கும்.

அணைப்பது சோதனைக்கு மட்டும்தான். அதோடு விட்டால் மறுபடி யாராவது புளூடூத்தைப் போடுவார்கள், பழைய இணைப்பு திரும்பி வரும். ஆண்ட்ராய்டு 15-இல் புளூடூத்தை அணைத்தால், மறுநாள் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதி ஒன்றும் வந்திருக்கிறது. அதனால் Settings உள்ளே Bluetooth பகுதிக்குப் போய், இணைத்த கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பல்சக்கரக் குறியீடு இருக்கும். அதைத் தொட்டு, நீங்கள் பயன்படுத்தாத கருவிக்கு Forget கொடுங்கள். சில போன்களில் அது Unpair என்று இருக்கும். அதன் பிறகு அந்தக் கருவியை யாராவது வேண்டுமென்றே இணைத்தால் ஒழிய, அது தானாக ஒட்டிக்கொள்ளாது.

இந்தப் பட்டியலைப் பொறுமையாகப் பாருங்கள். நம் ஊரில் ஒரே போன் பல கை மாறும். படகில் பாட்டுப் போடும் ஸ்பீக்கர், மச்சானின் கார், கல்யாண வீட்டில் ஒருநாள் இணைத்த பெட்டி என்று எல்லாம் அதில் வரிசையாகக் கிடக்கும். படகு கரையில் கட்டியிருக்கும்போது அதில் இருக்கும் ஸ்பீக்கரை யாராவது போட்டால், பக்கத்துப் படகில் நின்று வீடியோ பார்க்கும் உங்கள் சத்தம் அங்கே தாவிவிடும்.

அக்காவின் போனில் அந்தப் பெயரை நீக்கினேன். பட்ஸின் புள்ளிகளையும் டப்பாவின் முனைகளையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, டப்பா விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மகளிடம் கொடுத்துவிடச் சொன்னேன். அவள் தன் போனோடு புதிதாக இணைத்துக்கொண்டாள். அக்காவின் போனை நான் திறக்கவே இல்லை.

சத்தம் வருகிறது, ஆனால் கொசு ரீங்காரம் போல

முழுதாக ஏற்றியும் மிகச் சன்னமாக, தகரச் சத்தம் போல வந்தால் உங்கள் கையைப் பாருங்கள். கையில் பேசும் வசதி உள்ள ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறீர்களா? போனுக்கு அதுவும் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்தான். அழைப்புக்காக இணைத்தது, வீடியோவின் சத்தத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதில் இருக்கும் ஸ்பீக்கர் கடுகளவு. வாட்சைக் காதருகே வைத்துக் கேளுங்கள், சத்தம் அங்கிருந்து வருவது தெரியும்.

இதற்கு வாட்சை நீக்க வேண்டியதில்லை. Bluetooth பட்டியலில் அதன் பல்சக்கரத்தைத் தொட்டால் அழைப்புக்கு ஒன்று, Media audio என்று ஒன்று என இரண்டு பொத்தான்கள் இருக்கும். சில போன்களில் Audio என்று மட்டும் இருக்கும். அதை மட்டும் அணையுங்கள். அழைப்பு வாட்சில் வரும், வீடியோ போனில் கேட்கும். சில வாட்ச்கள் பட்டியலில் இரண்டு பெயர்களாகத் தெரியும், அடி எண்ணிக்கைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. பொத்தான் காணவில்லை என்றால் இன்னொரு பெயரில் பாருங்கள்.

நீங்கள் உண்மையாகவே காதில் இயர்பட்ஸ் மாட்டி, அதில்தான் சத்தம் குறைவு என்றால் அது வேறு கதை. அந்தக் கருவிக்கும் தனி அளவு உண்டு. பொதுவாக போனின் கோடே அதையும் சேர்த்து ஆள்கிறது. சில மலிவான பட்ஸ்களில் இந்தச் சேர்க்கை சரியாக நடக்காமல், போன் முழுதாகக் காட்டும், பட்ஸ் பாதியிலேயே நிற்கும். Settings உள்ளே போன் விவரம் சொல்லும் இடத்தில் Build number என்பதை ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Disable absolute volume என்பதைப் போட்டுவிட்டு, பட்ஸை ஒருமுறை துண்டித்து இணையுங்கள். இப்போது இரண்டு அளவுகளும் பிரிந்துவிடும். காதில் மாட்டும் முன்னால் போனின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று பலமாக அடிக்கும்.

புளூடூத்தே இல்லை, ஆனால் மேலே ஹெட்போன் படம் தெரிகிறது

ஒயர் எதுவும் செருகாமல் ஹெட்போன் படம் நின்றால், போன் ஒயர் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறது. ரிங்டோன் மட்டும் வெளியே வருவதற்கு இங்கேயும் அதே சலுகைதான் காரணம். ஹெட்போன் ஓட்டைக்குள், ஒயர் செருகப்பட்டதை உணரும் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கசிந்து போனை ஏமாற்றிவிடும். போனில் உள்ள எப்.எம். ரேடியோவுக்கு ஹெட்போன் ஒயர்தான் ஆன்டெனா. அதனால் பாம்பனின் கடல் ஓசை 90.4 கேட்பதற்காக ஈரக் கையோடு ஒயரைச் செருகி எடுப்பவர்களின் போனில் இதை நிறையப் பார்க்கிறேன்.

கடல் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் விடியற்காலையில் வரும் ஹெட்போன் படம் வெயில் ஏறியதும் மறைந்து, இரவில் திரும்ப வந்தால் உள்ளே உப்பு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அரிசி மூட்டைக்குள் வைப்பதால் இது தீராது. தண்ணீர் போனாலும் உப்பு உள்ளேயே தங்கும், மறுநாள் மறுபடி ஈரம் இழுக்கும்.

ஒரு ஹெட்போனை ஐந்தாறு முறை செருகி எடுத்துப் பாருங்கள், சில நேரம் அதிலேயே விடும். விடாவிட்டால் போனை அணைத்து, பல் குத்தும் குச்சியின் நுனியில் மெல்லியதாகப் பஞ்சு சுற்றி, ஆல்கஹால் தொட்டு, ஓட்டைக்குள் மெதுவாகச் சுழற்றி எடுங்கள். பஞ்சு அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை புதுப் பஞ்சு மாற்றிச் செய்யுங்கள். ஊசி, ஹேர்பின் எதுவும் உள்ளே போகக் கூடாது, அந்தத் தகடு வளைந்தால் ஹெட்போன் படம் நிரந்தரமாகிவிடும். அரை மணி நேரம் உலரவிட்டுப் போடுங்கள்.

குரல் செய்தி மட்டும் சன்னமாக வருகிறது, திரையும் கறுத்துப்போகிறது

வீடியோ நன்றாகக் கேட்டு, வாட்ஸ்அப் குரல் செய்தியில் மட்டும் இப்படி நடந்தால் காரணம் திரையின் மேல் ஓரத்தில் உள்ள சென்சார். அதன் அருகே ஏதாவது வந்தால் நீங்கள் போனைக் காதில் வைத்துவிட்டதாக எண்ணி, வாட்ஸ்அப் சத்தத்தைக் காதுப்பக்கச் சிறு ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும். கடலுக்கு எடுத்துப்போகும் பிளாஸ்டிக் உறை, ஓரம் வெட்டாத ஸ்கிரீன் கார்டு, காய்ந்த உப்புப் படலம் ஆகியவை அந்த இடத்தை மறைத்தாலே போதும். உறையிலிருந்து எடுத்து, ஈரத்துணியால் மேல் ஓரத்தைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை

புளூடூத் அணைந்திருக்கிறது, ஹெட்போன் படம் இல்லை, Media கோடு முழுதாக இருக்கிறது, அப்படியும் வீடியோ கேட்கவில்லை என்றால் போனை Safe mode-இல் போடுங்கள். பல போன்களில் அணைக்கும் படத்தை அழுத்திப் பிடித்தால் அந்தத் தேர்வு வரும். அதில் நீங்களாகப் போட்ட ஆப்கள் எல்லாம் தூங்கிவிடும். அங்கே வீடியோ நன்றாகக் கேட்டால், சத்தத்தைக் கூட்டுவதாகச் சொல்லிப் போட்ட பூஸ்டர் ஆப்போ ஈக்வலைசரோதான் குறுக்கே நிற்கிறது, அதை நீக்குங்கள்.

அங்கேயும் கேட்காவிட்டால், ரிங்டோனாக வைத்திருக்கும் அதே பாட்டை மியூசிக் பிளேயரில் போட்டு, பிறகு யாரையாவது அழைக்கச் சொல்லி இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மணியும் உண்மையில் மங்கலாக, கரகரவென்று வருவது அப்போதுதான் சிலருக்குப் புலப்படும். அந்தப் போனில் மட்டும் ஸ்பீக்கர் வலையில் உப்பும் மணலும் அடைத்திருக்கிறதா என்று உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குக் கொண்டுபோய் ஸ்பீக்கரைப் பற்றிக் கேளுங்கள்.